இரண்டுக்கு ஒன்று வந்துவிட்டால் போதுமா?

விகிதப் பகுப்பாய்வு விடையைத் திருத்துகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது கடைசி எண்ணைத்தான். அது சரியாக இருந்தால் டிக். ஆனால் இந்தப் பாடத்தில் கூட்டல், வகுத்தலில் நடக்கும் பிழை குறைவு. எந்தத் தொகையைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு விடைக்குக் கீழே எழுதும் ஒற்றை வரி முடிவில் வருகிறது.

ஒரு ஜவுளிக்கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. மார்ச் 31 அன்று சரக்கிருப்பு 4,80,000 ரூபாய், கடனாளிகள் தர வேண்டியது 2,10,000, ரொக்கமும் வங்கி இருப்பும் 60,000, முன்கூட்டிக் கட்டிய காப்பீடு 30,000. ஆக நடப்புச் சொத்துகள் 7,80,000. மறுபக்கம் கடனீந்தோருக்குக் கொடுக்க வேண்டியது 2,40,000, வங்கி ஓவர்டிராஃப்ட் 1,00,000, கொடுபடாத செலவுகள் 50,000. நடப்புப் பொறுப்புகள் 3,90,000. நடப்பு விகிதம் 2:1.

அடுத்தது விரைவு விகிதம். ஒரு மாணவர் 0.77 என்கிறார், இன்னொருவர் 0.93 என்கிறார். 'தவறு' என்று சுழித்துவிடாமல், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். 0.77 என்பது 3,00,000-ஐ 3,90,000-ஆல் வகுத்தது. அதாவது சரக்கைக் கழித்தவர் காப்பீட்டைக் கழிக்க மறந்திருக்கிறார். முன்கூட்டிக் கட்டிய பிரீமியம் காப்பீட்டுச் சேவையாகத் தீர்ந்துபோகுமே தவிர, பணமாகத் திரும்பி வராது. அதை வைத்து நூல் வியாபாரிக்குக் கடன் அடைக்க முடியாது. இரண்டையும் கழித்தால் 2,70,000. சரியான விகிதம் 0.69.

0.93 சொன்னவரை உடனே தண்டிக்கக் கூடாது. அவர் பொறுப்புகளிலிருந்து ஓவர்டிராஃப்டைக் கழித்து, 2,70,000-ஐ 2,90,000-ஆல் வகுத்திருக்கிறார். வங்கி ஆண்டுதோறும் நீட்டித்துத் தருவதால் ஓவர்டிராஃப்ட் உடனடிக் கடன் அல்ல என்று சொல்லி, சில பழைய புத்தகங்கள் இப்படித்தான் கணக்கிட்டன. ஆனால் வங்கி கேட்டால் அதைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். அதனால் முழு நடப்புப் பொறுப்புகளால் வகுப்பதுதான் இன்றைய வழக்கம். எந்தச் சூத்திரம் என்பதை விடையில் முதல் வரியாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். அந்த வரி இல்லையென்றால் அறியாமையையும் வேறு மரபையும் பிரித்தறிய வழியில்லை.

இனி முடிவுக்கு வருவோம். 'நடப்பு விகிதம் 2:1, எனவே கடையின் நீர்மைத்தன்மை நன்று' என்று எழுதினால் பாதிதான் சரி. நீர்மைத்தன்மை என்பது தவணை வந்த அன்று கையில் பணம் இருப்பது. இந்தக் கடையின் நடப்புச் சொத்தில் அறுபது சதவீதத்துக்கும் மேல் துணியாக அலமாரியில் கிடக்கிறது. நாளைக்கே 3,90,000 கேட்டால், ரொக்கத்தோடு கடனாளிகள் பாக்கி முழுவதும் வசூலானாலும் 1,20,000 குறைகிறது. அந்த வசூலும் நிச்சயமில்லை. பாக்கியில் 80,000 ஓராண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும் பணம், திரும்பி வராது என்று தெரிந்தால், விரைவு விகிதம் 0.49-க்கு இறங்கிவிடும். நடப்பு விகிதமும் 1.79 ஆகிவிடும்.

நடவடிக்கை வினாக்களில் இன்னொரு பொதுவான பிழை உண்டு. கடை மார்ச் 31 மாலை கையிலிருந்த 60,000-ஐயும் கடனீந்தோருக்குக் கொடுத்துவிட்டது என்று வைப்போம். 'இரு பக்கமும் ஒரே தொகை குறைகிறது, எனவே விகிதம் மாறாது' என்று பலர் எழுதுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். நடப்பு விகிதம் 7,20,000-க்கு 3,30,000, அதாவது 2.18 ஆக உயர்கிறது. விரைவு விகிதமோ 2,10,000-க்கு 3,30,000, அதாவது 0.64 ஆகக் குறைகிறது. விகிதம் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரு பக்கமும் சமமாகக் குறைக்கும்போது அது ஏறும், ஒன்றுக்குக் கீழே இருந்தால் இறங்கும். ஒரு பைசாகூடக் கையில் இல்லாத கடைக்கு நடப்பு விகிதம் முன்பைவிட அழகாகத் தெரிகிறது! ஆண்டு இறுதிக் கணக்கை இப்படி ஒப்பனை செய்யலாம் என்பதால்தான், ஒரே நாளின் விகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதற்கு நேர்மாறான அவசரமும் தவறே. விகிதம் ஒன்றுக்குக் கீழே என்றதும் 'நிறுவனம் ஆபத்தில்' என்று எழுதுவார்கள். தினமும் ரொக்கத்துக்கு விற்று, சப்ளையருக்கு மாதக் கடைசியில் கட்டும் மளிகைக்கடைக்கு, ஒன்றுக்குக் குறைந்த விரைவு விகிதமே இயல்பாக இருக்கலாம். நம் ஜவுளிக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அது கடனுக்கு விற்கிறது. ஆகவே விடையின் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: 'நடப்பு விகிதம் 2:1 ஆனாலும் பெரும்பகுதி சரக்கு, விரைவு விகிதம் 0.69. குறுகிய காலக் கடனை அடைப்பது சரக்கு விற்பனையையும் கடனாளிகள் வசூலையும் பொறுத்தது. பாக்கிகளின் வயதும், சென்ற ஆண்டு விகிதமும் தெரிந்தால்தான் மேலும் சொல்ல முடியும்.'