இரண்டு மேலாளர்களுக்கு நடுவில் ஒரு பொறியாளர்

மேலாண்மைப் பாடத் தேர்வுகளில் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: மேட்ரிக்ஸ் அமைப்பு ஃபயோலின் எந்தக் கொள்கையை மீறுகிறது? கட்டளை ஒருமை என்பதே விடை. ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரிதான் உத்தரவிட வேண்டும் என்பது, பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளரான ஹென்றி ஃபயோல் 1916-இல் வெளியிட்ட பதினான்கு கொள்கைகளில் ஒன்று. விடைகளின் வரிசையில் ‘இயக்க ஒருமை’ என்பதும் பக்கத்திலேயே நிற்கும். பலர் சறுக்குவது அங்கேதான். ஒரே இலக்குள்ள வேலைகளுக்கு ஒரே திட்டமும் ஒரே தலைவரும் வேண்டும் என்கிறது அது. மேட்ரிக்ஸ் அதை மீறுவதில்லை. திட்ட மேலாளர் என்று தனியாக ஒருவரை நியமிப்பதே அந்த ஒருமையைக் காப்பாற்றத்தான்.

ஒரு விதியைத் தெரிந்தே மீறுவதால் என்ன லாபம்? ஒரு பொறியியல் நிறுவனத்தில் நான்கு திட்டங்கள் நடக்கின்றன. அதிர்வுச் சோதனை தெரிந்தவர்களோ இரண்டே பேர் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்க ஆளில்லை. நான்கு பேரை வேலைக்கு எடுத்தாலும், சோதனைக் கட்டம் வரும்வரை அவர்கள் சும்மாதான் இருப்பார்கள். எல்லோரையும் சோதனைத் துறையிலேயே வைத்துக்கொண்டால், ‘என் வேலை எப்போது முடியும்?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. மேட்ரிக்ஸில் அந்த இருவரும் துறைத் தலைவரின் கீழேயே இருப்பார்கள். தொழில் தரத்துக்கு அவர் பொறுப்பு. வேலை நடக்கும்போது திட்ட மேலாளருக்கும் பதில் சொல்வார்கள். கெடுவும் செலவும் அவர் பொறுப்பு. 1960-களில் அமெரிக்க விண்வெளி, பாதுகாப்பு நிறுவனங்களில் இந்த முறை வேரூன்றியதற்குக் காரணமும் இதுதான். நுட்பமும் கெடுவும் அங்கே ஒரே அளவுக்கு முக்கியம்.

இதை உலக அளவில் செய்து பார்த்தது ஏ.பி.பி. ஸ்வீடனின் அசியாவும் சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவரியும் 1988-இல் இணைந்து உருவான மின்சாதன நிறுவனம் அது. அதன் தலைவர் பெர்சி பார்னெவிக் ஒவ்வொரு உள்ளூர் நிறுவனத்தின் மேலாளரையும் இருவருக்குப் பதில் சொல்ல வைத்தார். ஒருவர் அந்த நாட்டின் தலைவர். மற்றவர் மின்மாற்றி போன்ற ஒரு தொழிலை உலகம் முழுக்கக் கவனிக்கும் தலைவர். எந்த ஆலை எந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது என்பதைத் தொழில் தலைவர் பார்ப்பார். உள்ளூர்த் தொழிலாளர்களும் அரசுத் தொடர்புகளும் நாட்டுத் தலைவருக்கு. ஓர் ஆலையின் ஏற்றுமதி ஆர்டரை வேறு நாட்டு ஆலைக்கு மாற்றினால் தொழில் தலைவரின் கணக்கு சரியாகிவிடும். நாட்டுத் தலைவரின் கணக்கில் ஓட்டை விழும். நடுவில் நிற்கும் ஆலை மேலாளர் யார் பக்கம் சாய்வார்?

ஏ.பி.பி. இதைச் சமாளித்ததில் பெரும்பங்கு அபாகஸ் என்ற பொதுக் கணக்கு முறைக்கு உண்டு. எல்லா நிறுவனங்களின் எண்களும் ஒரே வடிவில் வந்ததால், இரு தலைவர்களும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டுதான் சண்டை போட முடிந்தது. எனக்கு இந்த ஏற்பாடுதான் அந்த அமைப்பின் வரைபடத்தைவிடச் சுவாரசியமானது. ஆனாலும் அது நிலைக்கவில்லை. அடுத்து வந்த யோரான் லிண்டால் 1998-இல் பிராந்திய நிர்வாக அடுக்கை எடுத்துவிட்டு, அதிகாரத்தைத் தொழில் பிரிவுகள் பக்கம் சாய்த்தார்.

கொஞ்சம் கடினமான தேர்வுக் கேள்விகள் இந்த இழுபறியை ஒரு சூழலாகவே கொடுக்கும். உதாரணத்துக்கு ஒன்று: ஒரு பொறியாளரைத் திட்ட மேலாளர் வெள்ளிக்குள் சோதனையை முடிக்கச் சொல்கிறார். அதே வாரம் துறைத் தலைவர் வேறொரு திட்டத்தின் வடிவமைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறார். நிறுவனம் முதலில் என்ன செய்ய வேண்டும்? விடைகள் நான்கு: கூடுதல் ஆள் எடுப்பது, ஒவ்வொரு மோதலையும் பொது மேலாளரிடம் கொண்டுபோவது, மேட்ரிக்ஸையே கலைப்பது, எந்த முடிவு யாருடையது என்று முன்பே எழுதிவைத்து இரு மேலாளர்களும் சேர்ந்து வேலை ஒதுக்குவது.

ஆள் எடுத்தால் பற்றாக்குறை தீரலாம், ஆனால் அந்தப் புது ஆளுக்கும் இரண்டு உத்தரவுகள் வரும். மேலே கொண்டுபோவது கடைசி வழி; எல்லாமே அங்கே போனால் முடிவுகள் தேங்கிவிடும். கலைத்துவிட்டால், ஆட்களைப் பகிர்ந்துகொள்ளும் லாபமும் போய்விடும். எனவே நான்காவதுதான் விடை. அதையும் அரைகுறையாகச் செய்தால் பயனில்லை. ‘என்ன வேலை, எப்போது’ என்பது திட்ட மேலாளருக்கு, ‘யார், எப்படி’ என்பது துறைத் தலைவருக்கு என்று பிரித்துவிட்டு, ஆண்டு மதிப்பீட்டைத் துறைத் தலைவர் மட்டுமே எழுதினால், சம்பள உயர்வு யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சைத்தான் பொறியாளர் கேட்பார். மதிப்பீட்டில் இருவருக்கும் பங்கு வேண்டும்.

கேள்வியில் ஒரே பொருளை மாற்றமில்லாமல் வருடக்கணக்கில் தயாரிக்கும் ஆலையைக் காட்டி, எந்த அமைப்பு பொருந்தும் என்று கேட்டிருந்தால் மேட்ரிக்ஸைத் தொடவே வேண்டாம். பகிர வேண்டிய நிபுணரும் இல்லை, எதிரெதிராக இழுக்கும் இரண்டு தேவைகளும் இல்லை; அங்கே துறைவாரி அமைப்பே போதும்.