ஒரு கரோசல், ஒரே வாக்கு: டிசைனுக்கு முன்னாடி செய்ய வேண்டிய சோதனை

இன்ஸ்டாகிராம் 2024-ல ஒரு கரோசலுக்கு 20 ஸ்லைடு வரைக்கும் அனுமதிச்சது. அதுக்கு முன்னாடி 10 தான். இடம் கூடினதும் தெரிஞ்சதை எல்லாம் போடத் தோணும். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணையே எடுத்துக்குவோம். ஓசூர்ல வாங்கின டிஎன் 70 பைக்கோட எலக்ட்ரானிக் சிட்டிக்கு குடி மாறினவங்களுக்கு ஒரு கரோசல். முதல்ல வாக்கை ஒரே வாக்கியமா எழுதணும். அதுல யாருக்கு, கடைசி ஸ்லைடுல என்ன கைக்கு வரும்ங்கிற ரெண்டும் இருக்கணும். "ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு பைக்கோட மாறினவங்க, கர்நாடகா நம்பர் வாங்க எந்த ஃபார்மை எங்க, எந்த வரிசையில கொடுக்கணும்னு தெரிஞ்சுக்குவாங்க." "பைக் விதிகள் பத்தி எல்லாம்"னு எழுதினா அது வாக்கு இல்ல, தலைப்பு. அதை வச்சு எந்த ஸ்லைடையும் நிராகரிக்க முடியாது.

அடுத்து, ஸ்லைடுக்கு ஒரு வரின்னு வெறும் டெக்ஸ்டா எழுதுங்க:

1. பைக்கோட பெங்களூர் வந்தாச்சா?
2. 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா நம்பர் மாத்தணும் (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47)
3. பிஎச் சீரிஸ்னா என்ன?
4. ஓசூர் ஆர்டிஓ-ல ஃபார்ம் 28, அதாவது என்ஓசி
5. அத்திப்பள்ளி டிராஃபிக்
6. கர்நாடகா ஆர்டிஓ-ல ஃபார்ம் 27, கூடவே வரி
7. தினமும் ஓசூர்ல இருந்து போய் வர்றவங்களுக்கு
8. தமிழ்நாட்டுல கட்டின வரியைத் திரும்ப வாங்குறது
9. எல்லாம் ஒரே பார்வையில

ஒவ்வொரு வரிகிட்டயும் கேளுங்க: இதை எடுத்துட்டா, படிக்கிறவர் ஃபார்ம் கொடுக்குற இடத்துல தடுமாறுவாரா? 3-ம் 5-ம் உடனே விழுந்துடும். 7 பயனுள்ளதுதான், ஆனா அவங்க பைக் ராத்திரி ஓசூர்லதான் நிக்குது. ஆள் வேற, அதனால வாக்கும் வேற. 8-ஐ வெட்டத்தான் மனசு வராது. ஆனா அது நம்பர் மாத்தின பிறகு வர்ற வேலை, தனி போஸ்ட்டா போடலாம்.

மிச்சம் 1, 2, 4, 6, 9. இதை வரிசையா சத்தமா படிச்சா ஓட்டை தெரியும். லோன்ல வாங்கின பைக்குக்கு ஃபைனான்ஸ் கம்பெனியோட எழுத்துச் சம்மதம் இல்லாம என்ஓசி கிடைக்காது. அதைச் சொல்லலைன்னா 4-வது ஸ்லைடை நம்பிப் போனவர் கவுண்டர்ல இருந்து திரும்பி வருவார். அதனால 4-க்கு முன்னாடி ஒரு ஸ்லைடு சேருது. மொத்தம் ஆறு.

இன்னொரு சோதனை. முதல் தடவை ஸ்வைப் பண்ணாம போனவங்களுக்கு இன்ஸ்டாகிராம் அதே போஸ்ட்டை ரெண்டாவது ஸ்லைடுல இருந்து காட்டுறது உண்டு. அதனால அட்டையை மறைச்சுட்டு ரெண்டாவதை மட்டும் படிங்க. "பிரிவு 47"னு ஆரம்பிச்சா யாருக்கும் புரியாது. "தமிழ்நாட்டு பைக் கர்நாடகாவுல 12 மாசம் தாண்டுதா?"ன்னு ஆரம்பிச்சா அதுவே வாக்கைச் சொல்லிடும்.

இந்த ஆறு வரியும் நின்னபிறகு ஃபிக்மாவைத் திறங்க. டெக்ஸ்ட்ல ஒரு வரியை அழிக்க அஞ்சு நொடிதான். ஐகான் வரைஞ்சு கலர் போட்ட ஸ்லைடை அழிக்க யாருக்கும் கை வராது.