கொக்கியின் உட்பக்கம் ஏன் தடிமன்?

கிரேன் கொக்கியின் பருத்த பக்கத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வட்டமோ சதுரமோ தெரியாது. உட்பக்கம் அகன்று, வெளிப்பக்கம் குறுகிய, மூலைகள் மழுங்கிய சரிவகம்தான் தெரியும். கயிறு பதிந்து உட்காரத்தான் உட்பக்கத்தை அகலமாக்கினார்கள் என்று தோன்றலாம். ஆனால் கயிறு உட்காருவது கொக்கியின் அடியில். அது தொடவே தொடாத பக்கவாட்டிலும் இதே வடிவம் இருக்கிறது. காரணத்தை அந்தப் பக்கவாட்டில்தான் தேட வேண்டும். பாரம் கீழே தொங்க, கொக்கியின் உடல் ஒரு பக்கமாக விலகி நிற்பதால், அந்த இடத்தில் பாரம் இழுப்பதோடு நிற்காமல் வளைவை விரிக்கவும் பார்க்கிறது. உட்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் அமுங்குகிறது. இடையில் இந்த விரிப்பால் நீளவோ சுருங்கவோ செய்யாத இழைகள் இருக்குமிடமே நடுநிலை அச்சு.

நேரான உத்தரத்தில் இந்த அச்சு குறுக்குவெட்டுப் பரப்பின் மையத்திலேயே ஓடும். வளைந்த உடலில் ஓட முடியாது. இழைகளின் நீளம் சமமாக இல்லை என்பதே காரணம். கணக்குக்கு எளிதாக, 60 மி.மீ. அகலமும் 100 மி.மீ. ஆழமும் கொண்ட செவ்வக வெட்டை எடுத்துக்கொள்வோம். வளைவின் மையத்திலிருந்து உள்விளிம்பு 50, வெளிவிளிம்பு 150 மி.மீ. தொலைவில் இருக்கட்டும். அப்படியானால் வெளி இழையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உள் இழை. அச்சு நடுவில், அதாவது 100 மி.மீ. ஆரத்தில், இருந்தால் வெட்டு திரும்பும்போது உள் இழை நீளும் அளவும் வெளி இழை சுருங்கும் அளவும் ஒன்றே. ஆனால் தகைவைத் தீர்மானிப்பது தன் நீளத்தோடு ஒப்பிட்ட மாற்றம். ஆகவே உள்ளே உண்டாகும் இழுவை வெளியே உண்டாகும் அமுக்கத்தைப் போல மூன்று மடங்காகிவிடும். வளைத்தலால் எழும் இழுவையும் அமுக்கமும் மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்தாக வேண்டும். அதற்கு அச்சு உள்ளே நகர்வதைத் தவிர வழியில்லை. ஆழத்தை ஆரங்களின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால், 100-ஐ 1.0986-ஆல் வகுக்க, அச்சு நிற்கும் ஆரம் 91.02 மி.மீ. என்று கிடைக்கிறது. நகர்வு சுமார் 9 மி.மீ.

ஒன்பது மில்லிமீட்டருக்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். 50 கிலோநியூட்டன், ஏறக்குறைய 5 டன், பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். நேரான உத்தரத்தின் சூத்திரப்படி உள்விளிம்பில் வளைவுத் தகைவு 50 மெகாபாஸ்கல். வளைவைக் கணக்கில் எடுத்தால் 76. நேர் இழுவையின் 8.3-ஐயும் கூட்டினால் உள்ளே மொத்தம் 84.5 இழுவை, வெளியே 28 அமுக்கம்தான். 58 என்று நம்பி வடிவமைத்தவரின் கொக்கி 84.5-ஐத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த 9 மி.மீ. சூத்திரத்தின் வகுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் கணக்கிலும் கை நடுங்கக் கூடாது: 91.02-ஐ 90 என்று முழுமையாக்கினாலே 76 என்பது 67 ஆகிவிடும்.

எமில் விங்க்லர் 1858-இல் தந்த இந்த முறைக்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தட்டையான வெட்டு வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்று அது அனுமானிக்கிறது. ஆர வாக்கில் எழும் தகைவுகளை விட்டுவிடுகிறது. 1881-இல் கொலோவின் இந்த அனுமானங்கள் இல்லாமலே செவ்வக வெட்டுக்குத் துல்லியமான தீர்வு கண்டார். நம் விகிதத்துக்கு உள்விளிம்பில் இரண்டுக்கும் வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. வெளிவிளிம்பில் மூன்று சதவீதம் அளவில். இவ்வளவு எளிய முறைக்கு இது வியப்பான வெற்றிதான்.

இப்போது சரிவகத்துக்கு வருவோம். அதே 6,000 சதுர மி.மீ. எஃகை உள்ளே 80, வெளியே 40 மி.மீ. அகலமாகப் பங்கிட்டால் உள்விளிம்பின் மொத்தத் தகைவு 84.5-இலிருந்து 74-க்கு இறங்குகிறது. வெளியே 31-க்கு ஏறுகிறது; அங்கே தாங்குதிறன் மிச்சமிருப்பதால் அது பொருட்டில்லை. ஒரு கிராம் எஃகும் கூடாமல் கிடைத்த ஆதாயம் இது.

நல்ல எஃகு எப்படியும் இளகிக்கொடுக்குமே, ஒரு விளிம்பின் உச்சத்தகைவு என்ன செய்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். ஒருமுறை ஏற்றும் பாரத்துக்கு அது பெருமளவு சரி. உள்விளிம்பு சற்றே இளகிச் சுமையை அடுத்த இழைகளுக்குத் தள்ளும். ஆனால் கிரேன் நாள்தோறும் ஏற்றி இறக்குகிறது. களைப்பு விரிசல் இழுவை மிகுந்த அந்த விளிம்பிலிருந்துதான் கிளம்பும். இளகலும் அடையாளம் வைக்காமல் போவதில்லை: கொக்கியின் வாய் விரியும், காப்பு நாக்கு முனையில் படியாமல் இடைவெளி விடும். இதனால்தான் வாயின் அகலத்தை அளந்து பார்க்கிறார்கள், அமெரிக்காவின் பி30.10 தரவிதி 5 சதவீத விரிவையே விலக்குவதற்குப் போதுமான காரணமாகக் கொள்கிறது. விரிந்ததைக் குளிர்நிலையில் நெரித்து மூடிவிடலாமே என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மூடும்போது உள்விளிம்பு அமுங்கி இளகுகிறது, விட்டதும் உடல் சற்றே மீளும்போது அதே விளிம்பில் இழுவை தங்கிவிடுகிறது. அடுத்த பாரத்தின் இழுவை அதன் மேல்தான் ஏறும்.