ஹெர்ப்புக்கு எழுதிய நன்றி

எங்கள் அலுவலகத்தில் நிர்வாக இயக்குநர் ஓய்வு பெற்றபோது, ஊழியர்கள் சார்பில் வாழ்த்து மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இவருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ‘தொலைநோக்குப் பார்வை’, ‘அயராத உழைப்பு’, ‘எங்களுக்கெல்லாம் தந்தையாக’ என்று ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுத்தேன். அதைச் சட்டம் போட்டு, சால்வையோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான்கு வருடம் கழித்து அடுத்தவர் போனபோது, மனிதவளப் பிரிவில் இருந்த பையன் என் பழைய கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டான். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னவர் கோபக்காரர், பின்னவர் வாயே திறக்காதவர். இருவருக்கும் அந்த மடல் கச்சிதமாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகுதான், இப்படிப்பட்ட மடலை ஒழுங்காக எழுதியவர்கள் யாராவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு முறையல்ல, இரண்டு முறை.

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971 ஜூனில் பறக்கத் தொடங்கியது. டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்றே ஊர்கள். அதைப் பறக்கவிடாமல் தடுக்கப் போட்டி நிறுவனங்கள் சில வருடங்கள் கோர்ட்டுக்கு இழுத்தடித்தன. அந்த வழக்குகளை நடத்திய வக்கீல்தான் ஹெர்ப் கெல்லஹர். பிறகு அவரே அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார். சங்கிலித் தொடராக சிகரெட், விஸ்கியில் வெளிப்படையான பிரியம், எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்கும் சிரிப்பு. 1992-ல் ஒரு விளம்பர வாசகம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வந்தபோது, கோர்ட்டுக்குப் போகாமல் எதிர்த்தரப்புத் தலைவரோடு மேடையில் கைமல்யுத்தம் போட்டுத் தோற்றவர். தோற்ற பிறகும் வாசகத்தைப் பயன்படுத்த அவர்கள் அனுமதித்தார்கள் என்பது வேறு கதை.

முதல் மடல் 1994 அக்டோபரில் வந்தது. உண்மையைச் சொன்னால் அது விடைமடல் அல்ல. அமெரிக்க அலுவலகங்களில் ‘முதலாளி தினம்’ என்று ஒன்று கொண்டாடுவார்கள். அதற்காக யுஎஸ்ஏ டுடே நாளிதழில் ஊழியர்கள் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். சுமார் 60,000 டாலர் செலவு. நிறுவனம் தரவில்லை, ஊழியர்களே போட்டுக்கொண்டார்கள். ஆனாலும், எல்லோர் சார்பிலும் ஒரு தலைவரைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

தலைப்பு, ஹெர்ப்புக்கு நன்றி. அதன் கீழே எதற்கெல்லாம் நன்றி என்று வரிவரியாகப் போகிறது. எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் நினைவில் வைத்திருந்ததற்கு. நன்றி தெரிவித்தல் திருநாள் அன்று எங்களோடு நின்று பெட்டிகளை ஏற்றியதற்கு. அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் போட்டு வேலைக்கு வர விட்டதற்கு. கோல்ஃப் போட்டியில் ஒரே ஒரு மட்டையை வைத்துக்கொண்டு ஆடியதற்கு. ஹார்லி டேவிட்சன் பைக்கைத் தலைமையகத்துக்குள்ளேயே ஓட்டி வந்ததற்கு. லாபம் பார்க்கும் ஒரே பெரிய விமான நிறுவனத்தை நடத்தியதற்கு.

கடைசியாகச் சொன்ன அந்த லாப வரியைக் கவனியுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமான நிறுவனங்கள் நஷ்டத்தில் தத்தளித்தன. நாமாக இருந்தால் அதைத்தான் முதல் வரியாக்கி, கொட்டை எழுத்தில் போட்டிருப்போம். அவர்களோ முத்தத்துக்கும் பாட்டுக்கும் நடுவில், போகிற போக்கில் வைத்தார்கள். லாபக் கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. பங்குதாரர்கள் அதைப் பாராட்டிக்கொள்வார்கள். பெட்டி ஏற்றிய கதையை ஊழியர்கள் சொல்லாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அந்தத் திருநாள் வரி சாதாரணமானதல்ல. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் அந்த நாளை ஒட்டித்தான் அமெரிக்காவில் விமானங்கள் நிரம்பி வழியும். ஊரே வீட்டில் விருந்து சாப்பிடும்போது, விமானத்தின் வயிற்றுக்கருகே குளிரில் நின்று பெட்டி தூக்குபவனுக்கு எரிச்சல் வரும். நம்மூரில் தீபாவளி அன்று பஸ் ஓட்டுகிறவரைக் கேட்டால் அந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று சொல்வார். அப்படி ஒரு நாளில் வந்து கூட நின்றவரிடம் ‘தங்கள் எளிமை’ என்று சொல்வது எவ்வளவு சப்பையாக இருக்கும்! நாளையும் வேலையையும் சொன்னாலே போதும், எளிமை என்ற சொல் தேவைப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டு பற்றிய இரண்டு வரிகள். எங்கள் விருந்தில் பாடியதற்கு நன்றி என்று ஒரு வரி. வருடத்துக்கு ஒரு முறை மட்டுமே பாடியதற்கு நன்றி என்று அடுத்த வரி. கேலிதான். ஆனால் கேலி செய்ததால்தான் மற்ற வரிகளையும் நம்ப முடிகிறது. பயந்துகொண்டு எழுதியவர்கள் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். முதலாளியைப் புகழ்ந்து ஊழியர்கள் எழுதும் எதையும் வெளியாள் சந்தேகத்தோடுதான் படிப்பான். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான் என்று நினைப்பான். அந்தச் சந்தேகத்தை உடைக்க அவர் பாடுவதைப் பற்றிய ஒரு கிண்டல் போதுமானதாக இருந்தது. கேலிக்கு எடுத்துக்கொண்டது அவருடைய குரலை என்பதும் முக்கியம். அவரே சிரிக்கக்கூடிய விஷயம் அது. குடியைக் கிண்டல் செய்ய இடமிருந்தும் அந்தப் பக்கம் அவர்கள் போகவில்லை.

கையெழுத்தில் ‘அனைத்து ஊழியர்களும்’ என்று போடாமல், ‘உங்கள் 16,000 ஊழியர்களில் ஒவ்வொருவரும்’ என்கிற மாதிரி முடித்தார்கள். பெயர்களை நினைவில் வைத்திருந்தார் என்று தொடங்கிய மடலை வேறெப்படி முடிப்பது?

இரண்டாவது மடல் நிஜமான விடைமடல். கெல்லஹர் 2001-ல் தலைமை நிர்வாகி பதவியை விட்டாலும் இயக்குநர் குழுத் தலைவராக நீடித்தார். அதையும் 2008 மே மாதம் விட்டார். அன்று அதே யுஎஸ்ஏ டுடேயில் விமானிகள் சங்கம் முழுப்பக்கம் வாங்கியது. இந்த முறை பட்டியல் இல்லை. மூன்றே மூன்று வாக்கியங்கள். காகிதக் கைக்குட்டையிலிருந்து விமானி அறை வரை வழி போட்டவர் நீங்கள், 38 வருட அமர்க்களமான சேவைக்கு நன்றி, உங்களோடு பணிபுரிந்தது பெருமை என்பதுதான் சாரம். ஹோட்டலில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டையில் மூன்று ஊர்களை முக்கோணமாக வரைந்ததிலிருந்து நிறுவனம் பிறந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ‘அமர்க்களமான சேவை’ என்பதும் பயணிகளை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று நிறுவனம் ஊழியர்களுக்குச் சொல்லிவந்த வாசகம். அதை எடுத்து அவருக்கே திருப்பிச் சூட்டினார்கள்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த மே மாதத்தில் விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் சம்பள ஒப்பந்தப் பேச்சு முடியாமல் கிடந்தது. அடுத்த வருடம்தான் முடிந்தது. பேரம் பேசிக்கொண்டிருக்கும் தொழிற்சங்கம், சொந்தக் காசில் எதிர்த்தரப்பின் தலைவருக்கு நன்றி சொல்கிறது. 1995-ல் அதே விமானிகள் பத்து வருட ஒப்பந்தம் போட்டபோது, முதல் ஐந்து வருடம் சம்பள உயர்வு வேண்டாம், பங்கு வாங்கும் உரிமைகளாகப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். கெல்லஹரும் தன் சம்பளத்தை உயர்த்தாமல் வைத்திருக்கச் சம்மதித்தார். இது எதையும் விளம்பரத்தில் எழுதவில்லை. நன்றி மடலில் சம்பளப் பேச்சு நுழைந்தால் அது மனுவாகிவிடும் என்று தெரிந்தவர்கள்.

ஒரே மனிதருக்கு ஒன்று நீளமாகவும் ஒன்று குறுகலாகவும் அமைந்ததற்குக் காரணம் எழுதியவர்கள்தான். 16,000 பேரில் டிக்கெட் கவுன்ட்டர், பெட்டி தூக்குவது என்று பல வேலைக்காரர்கள், ஆளுக்கொரு நினைவு. விமானிகள் ஒரே தொழில். சுருக்கிச் சொன்னாலும் தங்களுக்குள் புரிந்துவிடும். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் பேனாவை எடுத்தால், என்னுடைய அந்த முதல் மடல்தான் கிடைக்கும்.

நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரிவு உபசாரக் கூட்டத்தில், போகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் புதியவர் உட்கார்ந்திருப்பார். ‘உங்களைப் போல் இன்னொருவர் வரப்போவதில்லை’ என்று படித்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? சவுத்வெஸ்டில் 2001-ல் பொறுப்பேற்ற இருவரில் ஒருவர் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருந்தவர். மற்றவர் கெல்லஹரின் வக்கீல் அலுவலகத்தில் செயலாளராகச் சேர்ந்த காலின் பாரெட். அப்படி அவர் வளர்த்தவர்களே வரும் இடத்தில் ஒப்பீடே வேண்டாம்; நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்குறைப்பு நடந்த நிறுவனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘குடும்பம்’ என்ற சொல்லை நான் தொடமாட்டேன். போன வருடம் பக்கத்து மேசையைக் காலி செய்துகொண்டு போனவனின் நண்பர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அந்தச் சொல் வந்த நொடியில் அவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிடுவார்கள். நல்லது நடந்ததை மட்டும், நடந்த அளவுக்கு எழுதினால், சொல்லாமல் விட்டதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது முறை ஒருவர் விடைபெற்றபோது நானே போய் மடலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் முன்பே பிரிவு பிரிவாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: அவர் என்ன செய்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்? ‘நல்ல மனுஷன் சார்’ என்று சொன்னவர்களிடம், ‘எப்போ தெரிஞ்சுது?’ என்று மறுபடி கேட்டேன். கணக்குப் பிரிவில் ஒருவர், வருடக் கடைசி இரவில் இட்லிப் பொட்டலத்தோடு வந்து பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். டிரைவர், அவர் காரில் ஏறியதும் தூங்கிவிடுவார், குறட்டை வந்தால் ஏசியைக் குறைக்க வேண்டும் என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன், டிரைவரிடம் அனுமதி கேட்டு. இரண்டு பேர் மட்டுமே பார்த்ததை விட்டுவிட்டு, பாதிப் பேராவது தலையாட்டக்கூடியதை வைத்துக்கொண்டேன். எழுதியதை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டிய இடங்களில் வாக்கியத்தை வெட்டினேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

குறட்டை வரி வந்தபோது முதலில் சிரித்தது அவர் மனைவி. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, ‘இட்லி விஷயம் எனக்கே மறந்துபோச்சுப்பா, யார் சொன்னா?’ என்று கேட்டார். கணக்குப் பிரிவுக்காரர் பின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டினேன். அவர் அங்கே நடந்து போனார்.