தெ காஸ்தெல்ஜோ படிமுறை

தெ காஸ்தெல்ஜோ படிமுறை என்பது, கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையறுக்கப்பட்ட ஒரு வளைவரையின் மீதுள்ள புள்ளியை, நேர்கோட்டுத் துண்டுகளை மீண்டும் மீண்டும் ஒரே விகிதத்தில் பிரித்துக் கண்டுபிடிக்கும் முறையாகும். இம்முறையால் கிடைக்கும் வளைவரை பெசியே வளைவரை எனப்படுகிறது. எழுத்துருக்கள், கணினி வரைபடங்கள், வாகன உடல் வடிவமைப்பு ஆகியவற்றில் இவ்வளைவரைகள் பயன்படுகின்றன.

## பெயரும் பின்னணியும்

பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் போல் தெ காஸ்தெல்ஜோ (1930–2022) சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1959-இல் இம்முறையை உருவாக்கினார். காரின் உடல் வடிவத்தை எண்களாகக் குறித்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். நிறுவனம் இதைத் தொழில் இரகசியமாக வைத்திருந்ததால் அவரது ஆய்வு வெளியுலகுக்குத் தெரியவில்லை. ரெனால்ட் நிறுவனத்தில் இருந்த பியர் பெசியே 1960-களில் இதே வகை வளைவரைகளைத் தனியே உருவாக்கி வெளியிட்டார். எனவே வளைவரைக்கு பெசியேயின் பெயரும், அதைக் கணக்கிடும் முறைக்கு தெ காஸ்தெல்ஜோவின் பெயரும் நிலைத்தன.

## அடிப்படைச் செயல்

இம்முறையில் உள்ள செயல் ஒன்றே. A, B என்னும் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டை t : (1 − t) என்ற விகிதத்தில் உட்புறமாகப் பிரிக்கும் புள்ளியைக் காண வேண்டும். பள்ளிக் கணிதத்தில் வரும் பிரிவுச் சூத்திரமே இது:

(1 − t)A + tB

இதை நேரியல் இடைச்செருகல் என்பர். t = 0 எனில் A-யும், t = 1 எனில் B-யும் கிடைக்கும். t = 1/4 எனில் A-யிலிருந்து கால் பங்கு தொலைவில் உள்ள புள்ளி கிடைக்கும்.

நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருந்தால் அவற்றை வரிசையாக இணைக்க மூன்று துண்டுகள் உண்டாகும். ஒவ்வொன்றையும் ஒரே t-யால் பிரித்தால் மூன்று புதிய புள்ளிகள் வரும். அவற்றை இணைத்து மீண்டும் பிரித்தால் இரண்டும், இன்னொரு முறை பிரித்தால் ஒன்றும் மிஞ்சும். கடைசியாக மிஞ்சும் அந்த ஒரு புள்ளியே வளைவரையின் மீது உள்ளது.

## எடுத்துக்காட்டு

P0(0, 0), P1(0, 64), P2(64, 64), P3(64, 0) என்ற புள்ளிகளுக்கு t = 1/4 இல் வளைவரைப் புள்ளியைக் காண்போம்.

முதல் சுற்று: P0-இலிருந்து P1-ஐ நோக்கிக் கால் பங்கு சென்றால் (0, 16). P1-இலிருந்து P2-ஐ நோக்கிச் சென்றால் (16, 64). P2-இலிருந்து P3-ஐ நோக்கிச் சென்றால் (64, 48).

இரண்டாம் சுற்று: இந்த மூன்று புள்ளிகளுக்கு இடையே அதே போலக் கால் பங்கு சென்றால் (4, 28), (28, 60) ஆகிய இரண்டும் கிடைக்கும்.

மூன்றாம் சுற்று: (4, 28)-இலிருந்து (28, 60)-ஐ நோக்கிக் கால் பங்கு சென்றால் (10, 36). இதுவே விடை.

பல்லுறுப்புக்கோவையாக எழுதினால் இவ்வளைவரை x = 192t² − 128t³, y = 192t − 192t² ஆகும். t = 1/4 எனப் பிரதியிட்டால் x = 12 − 2 = 10, y = 48 − 12 = 36 என அதே விடை வருகிறது.

## இடைப்பட்ட புள்ளிகளின் பயன்

பிரதியிட்டாலே விடை வரும் எனில் இத்தனை சுற்றுகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். வழியில் கிடைத்த புள்ளிகள் வீணானவை அல்ல என்பதே அதற்கு விடை.

முதலாவதாக, இரண்டாம் சுற்றில் வந்த (4, 28), (28, 60) ஆகியவற்றை இணைக்கும் கோடு, (10, 36) என்னும் புள்ளியில் வளைவரையின் தொடுகோடாக அமைகிறது. எனவே தொடுகோட்டைக் காணத் தனியாக வகையிட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, அதே புள்ளிகள் வளைவரையை இரண்டாக வெட்டியும் தருகின்றன. ஒவ்வொரு சுற்றின் முதல் புள்ளியையும் எடுத்தால் (0, 0), (0, 16), (4, 28), (10, 36). இவை இடப்பகுதியின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். ஒவ்வொரு சுற்றின் கடைசிப் புள்ளியையும் பின்னிருந்து எடுத்தால் (10, 36), (28, 60), (64, 48), (64, 0). இவை வலப்பகுதிக்கு உரியவை.

இதைச் சரிபார்க்கலாம். முழு வளைவரையில் t = 1/2 என்பது, 1/4 முதல் 1 வரையுள்ள வலப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு தொலைவு. வலப்பகுதியின் புள்ளிகளை 1/3 கொண்டு பிரித்தால் முதலில் (16, 44), (40, 56), (64, 32). பிறகு (24, 48), (48, 48). இறுதியில் (32, 48) வரும். முழு வளைவரையில் t = 1/2 எனப் பிரதியிட்டாலும் (32, 48) தான்.

வளைவரையைத் திரையில் வரைய இப்பண்பு உதவுகிறது. வளைவரையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் மேலும் வெட்டிக்கொண்டே சென்றால், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்துவிடும். அப்போது அப்பகுதியை நேர்கோடாகவே வரைந்துவிடலாம்.

## நிரல்

கீழுள்ள பைத்தான் நிரல் ஓர் ஆயத்தொலைவுக்கு உரியது. x, y ஆகியவற்றுக்குத் தனித்தனியே அழைக்க வேண்டும்.

```python
def casteljau(b, t):
    b = list(b)
    for n in range(len(b) - 1, 0, -1):
        for i in range(n):
            b[i] = (1 - t) * b[i] + t * b[i + 1]
    return b[0]
```

`casteljau([0, 0, 64, 64], 0.25)` என்பது 10.0 என்ற விடையைத் தரும்.

## வழக்கமான பிழைகள்

t, (1 − t) ஆகியவற்றை இடம் மாற்றி எழுதுவது ஒரு பிழை. அப்போது வளைவரை மறுமுனையிலிருந்து தொடங்கும். மேற்கண்ட கணக்கில் x-க்கு 10-க்குப் பதில் 54 வரும். t = 1/2 என வைத்துச் சோதித்தால் இப்பிழை வெளிப்படாது, ஏனெனில் அங்கு இரண்டு எடைகளும் சமம்.

நிரலின் உள்சுழற்சியை வலமிருந்து இடமாக ஓட்டுவது இன்னொரு பிழை. அப்போது பழைய மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் புதிய மதிப்பு வந்துவிடும். t = 0, t = 1 ஆகிய முனைகளில் விடை சரியாகவே இருக்கும். ஆனால் t = 1/4 இல் x-க்கு 14.5 வரும். எனவே முனைகளும் நடுவும் அல்லாத ஒரு மதிப்பில் சோதிப்பது அவசியம்.

t என்பதை வளைவரையின் நீள விகிதமாகக் கருதுவதும் தவறு. மேற்கண்ட வளைவரையில் t = 0, 1/4, 1/2 ஆகியவை சம இடைவெளியில் உள்ளன. ஆயினும் முதலிரு புள்ளிகளுக்கு இடையே நேர்தூரம் ஏறத்தாழ 37.4 அலகுகள், அடுத்த இரண்டுக்கு இடையே 25.1 அலகுகள் மட்டுமே.

## சிறப்பும் வரம்பும்

t-யின் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்போது, ஒவ்வொரு புதிய புள்ளியும் முந்தைய இரு புள்ளிகளுக்கு நடுவிலேயே விழும். ஆகவே வளைவரை கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சுற்றி இழுத்துக் கட்டிய கயிற்றுக்கு வெளியே செல்லாது. கணினியின் தோராயப் பிழைகளும் பெருகுவதில்லை. t இந்த எல்லையைத் தாண்டினாலும் சூத்திரம் பொருந்தும், ஆனால் இந்த உறுதி நீங்கிவிடும்.

படி n உடைய வளைவரைக்கு n(n + 1)/2 இடைச்செருகல்கள் தேவை. படி 3-க்கு 6 போதும். படி 20-க்கு 210 வேண்டும். ஒரே வளைவரையில் ஏராளமான புள்ளிகள் தேவைப்பட்டு, தொடுகோடோ வெட்டிய பகுதிகளோ வேண்டாதபோது, பல்லுறுப்புக்கோவையில் நேரடியாகப் பிரதியிடுவதே விரைவானது.