நகர மக்கு உரம் விலைபோகாதது ஏன்?

எமது வட்டாரத்தை அடுத்த நகராட்சி ஒன்றின் உரக்கிடங்கில், ஐம்பது கிலோ மூட்டைகளாகக் கட்டப்பட்ட மக்கு உரம் இரண்டு மழைக்காலங்களைக் கடந்தும் அடுக்கி வைத்தபடியே கிடந்தது. விலை கிலோ நான்கு ரூபாய். அதே நாட்களில், கிடங்கிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில் நம் விவசாயிகள் ஆட்டுக்கிடை போடுவதற்கு முன்பணம் கொடுத்து முறைக்குக் காத்திருந்தார்கள். எருவுக்குக் கிராக்கி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. ஆகவே காரணத்தை அறிய அவ்வூருக்குச் சென்றோம்.

மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி நம்மைச் சிந்திக்கச் செய்தது. “ஐயா, யூரியா மூட்டையை அவிழ்த்தால் பத்து நாளில் பயிர் கறுக்கிறது. இந்த மூட்டையை அவிழ்த்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யார் சொல்லுவார்கள்?” என்றார். அவருக்கு விடை கூறுமுன் மூட்டையிலுள்ளதை எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாயிற்று.

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகர மக்கு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 0.8 பங்கும், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 0.4 பங்கும் குறைந்தபட்சமாக இருக்கவேண்டும். இதன்படி ஐம்பது கிலோ மூட்டையிலுள்ள தழைச்சத்து 400 கிராம்தான். 45 கிலோ யூரியா மூட்டையிலோ ஏறத்தாழ 20.7 கிலோ இருக்கிறது. ஒரு யூரியா மூட்டைக்கு ஈடான தழைச்சத்தைப் பெற இரண்டரை டன்னுக்கு மேல் மக்கு உரம் தேவை. அதிலும் முதற்போகத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. எஞ்சியது மெள்ள மெள்ள விடுபடும்.

ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் இடுவது நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவ்வளவு மக்கு உரம் என்றால் நூறு மூட்டைகள். நான்கு ரூபாய் வீதம் இருபதாயிரம் ரூபாய். அதிலுள்ள மூன்று சத்துக்களையும் மானிய விலை ரசாயன உரமாகக் கடையில் வாங்கினால் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று கணக்கிட்டோம். பெரியவர் காகிதத்தில் எழுதிப் பார்த்தவரல்லர்; ஆனால் அவர் மனக்கணக்கு இதிலிருந்து அதிகம் விலகியிருக்கவில்லை. விவசாயியின் அறியாமையே தடை என்று நம் அலுவலகங்களில் எழுதப்படும் குறிப்புகளை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம்.

எனின், மக்கு உரத்தின் மதிப்பு அச்சத்துக்களில் இல்லை. நூற்றுக்குக் குறைந்தது 12 பங்கு அங்ககக் கரிமம் அதில் இருக்கவேண்டும். ஐந்து டன்னில் 600 கிலோ. மணற்பாங்கான மண்ணில் ஈரத்தைத் தாங்குவதும், இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்குவதும், இட்ட யூரியா கரைந்து வீணாகாமல் ஓரளவு பிடித்துவைப்பதும் இதனாலேயே. இப்பயன் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இட்ட பின்னரே கண்ணுக்குப் புலனாகும். குத்தகைக்கு உழுபவர் அத்தனை ஆண்டு பொறுத்திருப்பாரா? அடுத்த ஆண்டு அந்நிலம் யார் கையில் இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே சொந்த நிலமுடையவர்களையும், காய்கறித் தோட்டக்காரர்களையும், தென்னை வைத்திருப்பவர்களையும் முதலில் அணுகுவதே பொருத்தம்.

விலைக்கு அடுத்தபடியாக நாம் கேட்டது கண்ணாடித் துண்டுகளைப் பற்றி. நாற்று நடும் பெண்கள் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குகிறார்கள். ஒரு முறை ஒருவர் காலில் உடைந்த குழல்விளக்குத் துண்டு ஏறியதால், அந்தத் தெருவிலுள்ள நடவாட்கள் அவ்வுரம் இட்ட வயலுக்கு வர மறுத்துவிட்டனர். இதை எந்த விலைக்குறைப்பும் சரிசெய்யாது. தரவிதி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நான்கு மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கவேண்டும் என்கிறது. ஆனால் மெல்லிய கண்ணாடிச் சில்லும் ஊசியும் அந்தச் சல்லடையிலும் இறங்கிவிடும். குப்பை வீட்டு வாசலிலேயே ஈரக்குப்பை, உலர்குப்பை எனப் பிரிக்கப்பட்டு வந்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. காரீயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்வதும் கலந்த குப்பையினால்தான். ஆணை கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராமும், காட்மியம் 5 மில்லிகிராமும் உச்ச அளவாக வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு குவியலின் ஆய்வறிக்கையையும் தமிழில் மூட்டையோடு தரவேண்டும்.

மூன்றாவது குறை, மக்காத உரம். அவசரத்தில் அரைகுறையாக மக்கிய உரத்தை இட்டால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்வதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்கின்றன, இளம்பயிர் மஞ்சளிக்கிறது. ஒருமுறை இதைக் கண்டவர் மறுமுறை வாங்கமாட்டார். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கைப்பிடி உரத்தை ஈரமாக்கிப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறக்கவேண்டும். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் மக்கியது. புளித்த நாற்றமோ அம்மோனியா நெடியோ வந்தால் மக்கவில்லை. ஒரு சட்டியில் உரமும் மண்ணும் சரிபாதி கலந்தும், மற்றொன்றில் மண் மட்டும் நிரப்பியும், பத்துப் பத்து முள்ளங்கி விதை ஊன்றி முளைப்பை ஒப்பிடுவது இன்னும் நம்பகமானது. கிணற்று நீர் உப்பாக உள்ள நிலங்களில் உரத்தின் உப்புத்தன்மையையும் ஆய்வறிக்கையில் பார்த்தாக வேண்டும்.

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு நகர மக்கு உரத்திற்கு டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. அவ்வாண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் ஆறு, ஏழு மூட்டை ரசாயன உரத்துடன் மூன்று, நான்கு மூட்டை மக்கு உரத்தைச் சேர்த்து விற்க வழிகூறின. நோக்கம் நன்று. ஆயினும், கேட்காத பொருளைக் கேட்ட பொருளோடு சேர்த்துத் தலையில் கட்டினால் விவசாயி அதைத் தண்டமாகவே கருதுகிறார். மூட்டை வரப்பிலேயே கிடக்கிறது.

நாம் நகராட்சிக்கு முன்வைத்த யோசனை வேறு. குப்பையை மக்கச் செய்யும் செலவு நகரின் துப்புரவுச் செலவு. அதை விவசாயியின் விலையில் ஏற்றக்கூடாது. மூட்டையும் தையலும் கடைக்காரர் கழிவும் நீங்கிச் சலித்த உரத்தைக் குவியலாக டன் 500 ரூபாய்க்குக் கொடுத்தால் ஐந்து டன் 2500 ரூபாய். எட்டுக் கிலோமீட்டருக்கு டிராக்டர் இரண்டு நடை 1800 ரூபாய்; ஆக 4300 ரூபாய். சத்துக்களின் மதிப்பைவிட இது அதிகமே. எனினும் கரிமத்திற்காகக் கொடுக்கும் கூடுதல் தொகை ஆயிரத்துச் சொச்சம் என்பதால் பெரியவர் ஒப்பினார். இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவுக்காரருக்கு வண்டிவாடகையே நான்காயிரத்தை எட்டும். அவரைத் தேடிச் செல்வது வீண். எடைக்குப் பதில் கன அளவில் விற்கவேண்டும் என்றும் கேட்டோம். மழையில் நனைந்த குவியலை எடைபோட்டால் விவசாயி தண்ணீருக்கும் விலை கொடுக்கிறார்.

பெரியவர் முதலில் அரை ஏக்கருக்கு மட்டும் கேட்டார். மறுபாதியில் வழக்கமான தொழுவுரம். அது நியாயமான எச்சரிக்கை. அவர் இன்னொன்றும் சொன்னார்: சித்திரை, வைகாசியில் கோடை உழவுக்கு முன் உரம் வயலில் கிடக்கவேண்டும், ஆடிக்குப் பின் வந்தால் தமக்குத் தேவையில்லை என்று. நகரத்துக் குப்பையோ பன்னிரண்டு மாதமும் வருகிறது. எஞ்சிய மாதங்களின் உரத்தை நனையாமல் காக்கக் கிடங்கில் கூரை இல்லை. அக்கூரைக்கான மதிப்பீடு இப்போது நகராட்சியின் பரிசீலனையில் இருக்கிறது.