சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலோ, அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் தம்பி சுவரில் ஒட்டிவைத்த தாளிலோ `192.168.10.64/26` என்பது போன்ற ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். புள்ளி வைத்த எண்கள் ஐபி முகவரி என்பது பலருக்கும் தெரியும். கடைசியில் ஒரு சாய்கோடும் 26-உம் எதற்கு என்றுதான் புரியாது. அந்த ஒரு எண்ணைப் படிக்கத் தெரிந்தால், அங்கே எத்தனை கருவிகளை இணைக்கலாம், எந்த முகவரியில் தொடங்கி எதில் முடியும் என்பதையெல்லாம் ஒரு துண்டுத் தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

ஊர்த் தொலைபேசிக் குறியீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு 44, அதன் பின்னால் எட்டு இலக்கம். விருதுநகருக்கு 4562, அதன் பின்னால் ஆறே இலக்கம். மொத்தம் எப்போதும் பத்துதான். ஊருக்கான பகுதி நீண்டால் வீடுகளுக்கான பகுதி குறுகும், அந்த ஊரில் கொடுக்கக்கூடிய இணைப்புகளும் குறையும். ஐபி முகவரியில் மொத்தம் 32 பிட்கள், அதாவது 32 சுழியங்களும் ஒன்றுகளும். அவற்றில் முதல் எத்தனை பிட்கள் ஊர்க் குறியீட்டைப் போல நெட்வொர்க்குக்கு உரியவை என்பதைத்தான் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் சொல்கிறது. /26 என்றால் 26 பிட்கள் நெட்வொர்க்குக்கு, மிச்சம் 6 கருவிகளுக்கு.

ஒரு பிட்டுக்கு இரண்டு நிலைகள். ஆறு பிட்கள் என்றால் இரண்டை ஆறு முறை பெருக்க வேண்டும்: 64. இதில் முதல் முகவரி அந்தத் தொகுதியையே குறிப்பதற்கும், கடைசி முகவரி தொகுதியில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்டுக்கும் போய்விடும். கருவிகளுக்கு வைக்கக் கூடியவை 62. சாய்கோட்டு எண் ஒன்று கூடினால் தொகுதி பாதியாகும், ஒன்று குறைந்தால் இரட்டிப்பாகும். /24-இல் 256 என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். /25-க்கு 128, /27-க்கு 32, /23-க்கு 512 என்று மற்றவை தானாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டைக் கழித்துவிட வேண்டும். இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் கம்பிக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே இருப்பதே இருவர்தான் என்பதால் /31-இன் இரண்டு முகவரிகளையும் பயன்படுத்தலாம் என்று 2000ஆம் ஆண்டில் விதி வந்தது.

1993க்கு முன்னால் இந்தச் சாய்கோடு இல்லை. 300 கணினி வைத்திருந்த நிறுவனத்துக்கு 254 கருவிகள் கொள்ளும் சி வகுப்புத் தொகுதி போதாது. அடுத்துப் பெரியது பி வகுப்பு, அது கொள்வதோ 65,534. அதைக் கொடுத்தால் பெரும்பகுதி சும்மா கிடக்கும். அந்த விரயத்தைத் தடுக்கத்தான் எந்த பிட்டில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளும் முறை வந்தது. ஆனாலும் உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயிற்சி மையத்தில் 40 கணினிகள். ரவுட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்; அதையும் சேர்த்து 41. /27 கொடுத்தால் 30 கருவிகளே கொள்ளும், போதாது. /26 எடுத்தால் 62. அலுவலக அறைக்கு `192.168.10.0/26`, வகுப்பறைக்கு `192.168.10.64/26` என்று பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ரவுட்டர்.

வகுப்பறையில் ஒரு கணினியின் முகவரி 192.168.10.77. அது எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதைக் கடைசி எண்ணைப் பிட்களாகப் பிரித்தால் காணலாம். முதல் மூன்று எண்களே 24 பிட்களை எடுத்துக்கொள்கின்றன. /26-க்கு இன்னும் இரண்டு வேண்டும், ஆகவே 77-இன் எட்டு பிட்களில் இரண்டாவதற்கு அடுத்து வெட்ட வேண்டும்:

```
77 = 01 | 001101
     64 +   13
```

இடப்பக்கம் 64, ஆகவே தொகுதி 64-இல் தொடங்குகிறது. வலப்பக்கம் ஆறு பிட்களும் ஒன்றாக நின்றால் 63. 64-உடன் கூட்டினால் 127, அதுதான் பிராட்காஸ்ட். 65 முதல் 126 வரை கருவிகளுக்கு. பிட்டுக்குள் போக விருப்பமில்லாதவர்கள் 64-இன் மடங்குகளை மட்டும் பார்த்தாலும் இதே விடை வரும்: 0, 64, 128, 192. /26 இந்த நான்கு இடங்களில்தான் தொடங்க முடியும். 50-இல் தொடங்கும் /26 என்று ஒன்று கிடையாது.

விண்டோஸில் இந்த 26 நேராகத் தெரியாது. `ipconfig` என்று அடித்தால் `Subnet Mask` என்ற வரியில் 255.255.255.192 என்று வரும். 256-இலிருந்து அந்தக் கடைசி எண்ணைக் கழியுங்கள்: 64. தொகுதியின் அளவு கிடைத்துவிட்டது.

இந்த மாஸ்க்கைத் தவறாகப் போட்டால் வரும் கோளாறு ஆளை அலைக்கழிக்கும், ஏனென்றால் பாதி வேலை நடந்துகொண்டே இருக்கும். 77ஆம் கணினியில் யாரோ பழக்கத்தில் 255.255.255.0 என்று போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையம் வருகிறது, பக்கத்துக் கணினியும் பேசுகிறது. அலுவலக அறையில் 192.168.10.10-இல் உள்ள பிரிண்டர் மட்டும் வரவில்லை. உடனே பிரிண்டரைக் குறை சொல்வார்கள். உண்மையில் இந்தக் கணினி தன்னை /24 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 10ஆம் முகவரியும் தன் தொகுதிதான் என்று நம்பி, ரவுட்டரிடம் கொடுக்காமல் தன் அறைக்குள்ளேயே அதைத் தேடுகிறது. அங்கே யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு `ping` இதைக் காட்டிக்கொடுக்கும்:

```
C:\> ping 192.168.10.10
Reply from 192.168.10.77: Destination host unreachable.
```

பதில் வந்திருப்பது 77-இடமிருந்து, அதாவது தன்னிடமிருந்தே. செய்தி கணினியை விட்டு வெளியே போகவே இல்லை என்று பொருள். இதைப் பார்த்ததும் முதலில் மாஸ்க்கைச் சரிபாருங்கள்.

வேறொரு சிக்கல் சில மாதம் கழித்து வரும். மாணவர்கள் கைப்பேசியையும் வைஃபையில் இணைக்கத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு முகவரி வேண்டும். காலை வகுப்பு முடிந்து போனவர்களின் முகவரியைக்கூட ரவுட்டர் உடனே விடுவிப்பதில்லை. கொடுத்த கெடு முடியும்வரை அவர்கள் பெயரிலேயே வைத்திருக்கும். 62-உம் நிரம்பியபின் வருகிற மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காது, அது 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். திரையில் 169.254-ஐப் பார்த்தால், முகவரி கொடுக்க வேண்டியவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று கொள்ளலாம். வைஃபை சிக்னல் நன்றாக இருந்து, மற்றவர்களுக்கும் இணையம் ஒழுங்காக வந்தால், தொகுதி நிரம்பிவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். நிலையான தீர்வு, 126 கருவிகள் கொள்ளும் /25. ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. /25 தொடங்கக்கூடிய இடங்கள் 0-உம் 128-உம்தான். 64-இல் இருக்கும் வகுப்பறையின் மாஸ்க்கை அப்படியே /25 என்று மாற்றினால் அது 0 முதல் 127 வரை பரவி, அலுவலகத்தின் தொகுதியையும் விழுங்கிவிடும். 128-க்கு இடம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரவுட்டரின் முகவரியிலிருந்து கையால் எண் போட்ட ஒவ்வொரு கணினி வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அலுவலகத்தை 0-இலும், வளரக்கூடிய வகுப்பறையை முதல் நாளே 128-இலும் வைத்து, 192-ஐக் காலியாக விடுகிறார்கள். பிறகு /26-ஐ /25 ஆக்கும்போது யாருடைய முகவரியும் மாறாது. கையால் எண் போட்ட கருவிகளிலும் 192 என்ற மாஸ்க் எண் 128 ஆனால் போதும்.